ஹாப்பிங்கில் கியர் பல் எப்படிப் பிறக்கிறது, ஷேப்பிங்கை விட அது ஏன் வேகம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியர் கட்டிங் வேலைக்கு வரும் பையன்கள் முதல் மாதத்தில் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். சில கேள்விகள் கியர் ஆர்டர் கொடுக்க வருபவர்களிடமிருந்தும் வரும். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில், கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்து வைத்திருக்கிறேன். உதாரணத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே கியர்தான்: 2.5 மாட்யூல், 40 பல், 20 டிகிரி பிரஷர் ஆங்கிள், 25 மி.மீ. அகலம், நேர்ப்பல்.

ஹாப் பாக்க ஸ்க்ரூ மாதிரி இருக்கு. அது எப்படிங்க கட்டர் ஆகும்?

ஸ்க்ரூவேதான். ஒரு வார்ம் எடுத்து, அதன் நீளவாக்கில் பத்துப் பன்னிரண்டு பள்ளம் வெட்டினால் மரை துண்டு துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டின் முன்முகமும் ஒரு வெட்டுமுனை. அந்த முனைக்குப் பின்னால் இருக்கும் உலோகம் வேலைப்பொருளில் உரசாதபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தி ரிலீஃப் கொடுத்திருப்பார்கள். அவ்வளவுதான் ஹாப்.

ஹாபைக் கையில் வாங்கி, ஒரு பள்ளத்தை மட்டும் பாருங்கள். அந்த வரிசையில் நிற்கும் பற்கள் ஒரு ரேக்கின், அதாவது நேராக விரித்துப்போட்ட கியரின், பற்களைப் போலவே இருக்கும்: பக்கங்கள் நேர்கோடு, இரண்டு பக்கமும் 20 டிகிரி சாய்வு. இந்த ரேக்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஹாப் பல்லு நேரா இருக்கு. கியர் பல்லு மட்டும் எப்படி வளைஞ்சு வருது?

ஏனென்றால் ஹாப் தன் வடிவத்தை அப்படியே அச்சடிப்பதில்லை. மில்லிங்கில் ஃபார்ம் கட்டர் போட்டால் கட்டரின் வடிவம்தான் பல்லிடுக்கின் வடிவம். ஹாப்பிங்கில் ஹாபும், இன்னும் பல் வெட்டாத வட்டத் துண்டான பிளாங்கும் சேர்ந்து நகர்கின்றன. அந்த நகர்வில் நேர்பக்கம் கொண்ட பல் ஒரே இடுக்கில் பல நிலைகளில் வந்து வெட்டுகிறது. முதலில் இடுக்கின் ஒரு ஓரம், அப்புறம் நடு, அப்புறம் மறு ஓரம். ஒவ்வொரு நிலையிலும் வெட்டியது ஒரு சின்ன நேர்ப்பட்டை. அந்தப் பட்டைகளையெல்லாம் தொட்டுக்கொண்டு போகும் வளைவு எதுவோ, அதுதான் இன்வால்யூட்.

ஒரு போல்ட்டைக் கையில் பிடித்து, முன்னே பின்னே நகர்த்தாமல் அதே இடத்தில் சுற்றிப் பாருங்கள். மரை ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருப்பது போலத் தெரியும். ஹாபும் அப்படித்தான். அது நின்ற இடத்தில் சுற்றினாலும், பிளாங்கின் பார்வையில் முடிவே இல்லாத ஒரு ரேக் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ரேக்கோடு வழுக்காமல் உருளும் கியர் எப்படி இருக்க வேண்டுமோ, அதற்குப் பொருந்தாத உலோகம் மட்டும் வெட்டுப்பட்டு வெளியே போகிறது. மிச்சம் நிற்பது பல்.

படிச்சா புரியற மாதிரி இருக்கு, நம்பிக்கை வரலை. கண்ணால பாக்க வழி இருக்கா?

இருக்கிறது, ஒரு மணி நேர வேலை. 220 மி.மீ. விட்டத்தில் சார்ட் பேப்பர் வட்டம் ஒன்று வெட்டி, நடுவில் குண்டூசி குத்தி ஒரு பலகையில் சுழலும்படி வையுங்கள். அதன் மேல் 200 மி.மீ. விட்டத்தில் பிட்ச் வட்டம் வரையுங்கள். இது 10 மாட்யூல், 20 பல் கியர். இனி தடித்த அட்டையில் மூன்று பல் கொண்ட ரேக் ஒன்று. பல்லுக்குப் பல் 31.4 மி.மீ., பிட்ச் கோட்டில் பல்லின் தடிமன் 15.7 மி.மீ., கோட்டுக்கு மேல் உயரம் 12.5 மி.மீ., பக்கங்கள் 20 டிகிரி சாய்வு. நுனி அகலம் சுமார் 6.6 மி.மீ. வந்தால் சரியாக வெட்டியிருக்கிறீர்கள்.

ரேக்கின் பிட்ச் கோடு, வட்டத்தின் பிட்ச் வட்டத்தைத் தொடும்படி வைத்து, ரேக்கின் விளிம்பைப் பென்சிலால் வட்டத்தின் மேல் வரையுங்கள். அப்புறம் வட்டத்தை 3 டிகிரி திருப்பி, ரேக்கை அதே திசையில் 5.24 மி.மீ. தள்ளி மறுபடி வரையுங்கள். இப்படிப் பதினைந்து இருபது தடவை. நீங்கள் வரைந்தது எல்லாம் நேர்கோடுதான், ஆனால் அவற்றுக்கு நடுவே கோடு விழாமல் மிஞ்சிய இடத்தில் ஒரு வளைந்த கியர் பல் நிற்கும். வகுப்பில் எந்த வீடியோ காட்டியும் புரியாதவர்களுக்கு இது புரிந்திருக்கிறது.

40 பல்லு வெட்டணும்னு மிஷினுக்கு யார் சொல்றது?

சேஞ்ச் கியர். ஒரு ஸ்டார்ட் ஹாப், அதாவது ஒரே மரை ஓடும் ஹாப், ஒரு சுற்று சுற்றினால் ரேக் ஒரு பல் தூரம் நகர்ந்ததாக அர்த்தம். அதனால் பிளாங்கும் ஒரு பல் திரும்ப வேண்டும். 40 பல்லுக்கு ஹாப் 40 சுற்று, பிளாங்க் 1 சுற்று. இந்த விகிதத்தைப் பழைய மிஷினில் சேஞ்ச் கியர் வழியாக டேபிளின் வார்ம் வீலுக்குக் கொண்டுபோகிறோம். சி.என்.சி.யில் அதே வேலையை இரண்டு மோட்டார்களையும் எலக்ட்ரானிக் முறையில் கட்டிப்போட்டுச் செய்கிறார்கள்.

சேஞ்ச் கியர் மாட்டியதும் முழு ஆழத்துக்கு இறக்கிவிடாதீர்கள். பிளாங்கின் மேல் ஹாப் லேசாகக் கீறும் அளவுக்கு மட்டும் தொட்டு, பிளாங்கை ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற விட்டு நிறுத்தி, கீறல்களை எண்ணுங்கள். சரியாக 40 இருக்க வேண்டும், இரண்டாம் சுற்றுக் கீறல் முதல் கீறலிலேயே விழ வேண்டும். இரட்டைக் கோடாகத் தெரிந்தால் விகிதம் தவறு. இரண்டு நிமிடம் எண்ணச் சோம்பல்பட்டு ஒரு பிளாங்கைத் தூக்கிப்போட்டவர்களில் நானும் ஒருவன்.

நேர்ப்பல் தானே வெட்டறோம், ஹாபை ஏன் சாய்ச்சு வைக்கணும்?

ஹாப் ஒரு ஸ்க்ரூ என்பதால் அதன் மரை கொஞ்சம் சரிந்து ஓடும். அந்தச் சரிவுதான் லீட் ஆங்கிள், ஹாபின் முகத்தில் பொறித்திருக்கும். வெட்டும் இடத்தில் மரை பிளாங்கின் அச்சுக்கு நேராக நிற்க வேண்டுமென்றால், ஹாப் ஸ்லைடை அதே அளவு சாய்க்க வேண்டும். சாய்க்காமல் விட்டால் இடுக்கு அகன்று பல் மெலியும்.

ஹெலிக்கல் என்றால் ஹெலிக்ஸ் ஆங்கிளோடு லீட் ஆங்கிளைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். ஹாபும் கியரும் ஒரே கை என்றால் கழித்தல், வேறு கை என்றால் கூட்டல். அதோடு ஹாப் கீழே இறங்க இறங்க பிளாங்க் கொஞ்சம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். நம் கியரையே 20 டிகிரி ஹெலிக்கலாக வெட்டினால் லீட் 918.5 மி.மீ. ஆகவே 25 மி.மீ. அகலத்தைக் கடக்கும்போது கூடுதல் திருப்பம் 9.8 டிகிரி. இந்தக் கூடுதலைச் சேர்ப்பதுதான் டிஃபரன்ஷியல். நேர்ப்பல், ஹெலிக்கல் இரண்டையும் ஒரே மிஷினில் வெட்டும் ஏற்பாட்டை ஜெர்மனியின் கெம்னிட்ஸ் ஊரில் ஹெர்மன் ஃபாவுட்டர் 1897-ல் கொண்டுவந்தார். இன்றும் அடிப்படை அதுதான்.

ஷேப்பிங்கும் ஜெனரேட்டிங் முறைதானே? அப்புறம் ஹாப்பிங் மட்டும் ஏன் வேகம்?

உண்மை, கட்டர் தன் வடிவத்தை அச்சடிக்காமல் பிளாங்கோடு சேர்ந்து நகர்ந்து பல்லை உருவாக்குவதுதான் ஜெனரேட்டிங், இரண்டும் அப்படித்தான். அமெரிக்காவில் எட்வின் ஃபெல்லோஸ் 1890-களில் உருவாக்கிய கியர் ஷேப்பரில் கட்டரே ஒரு கியர். கட்டரும் பிளாங்கும் இரண்டு கியர் கடித்துச் சுற்றுவது போல மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்க, கட்டர் மேலும் கீழும் அடித்து வெட்டும். ரேக்குக்குப் பதில் கியர், அவ்வளவுதான் வித்தியாசம். வடிவம் பிறக்கும் முறையில் ஹாப்பிங்குக்கு எந்தச் சலுகையும் இல்லை.

வேகம் போவது அந்த மேலும் கீழுமில். கீழே வரும்போது வெட்டு, மேலே போகும்போது சும்மா. மேலே போகும்போது உரசாமலிருக்க ஒவ்வொரு தடவையும் கட்டரோ டேபிளோ கொஞ்சம் விலகி, திரும்பச் சேர வேண்டும். ஸ்பிண்டிலின் எடையை நிமிடத்துக்குச் சில நூறு தடவை நிறுத்தித் திருப்ப வேண்டும், அதனால் ஸ்ட்ரோக்கை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. கிராங்க்கில் ஓடும் ஸ்ட்ரோக்கின் வேகம் இரு முனையிலும் பூஜ்யம், நடுவில் உச்சம். சராசரி 20 மீட்டர் என்றால் உச்சம் சுமார் 31 மீட்டர். கட்டர் தேய்வது உச்ச வேகத்தில், வேலை நடப்பது சராசரியில். ஹாப் ஒரே திசையில் ஒரே வேகத்தில் சுற்றுகிறது. திரும்பும் ஸ்ட்ரோக் இல்லை, ஒரு முனை விலகுவதற்குள் அடுத்தது வெட்டிக்கொண்டிருக்கும். அதன் வேகத்துக்கு முக்கியமான வரம்பு சூடு.

கணக்கு போட்டுக் காட்டுங்க சார்.

ஹாப் ஹெச்.எஸ்.எஸ்., 80 மி.மீ. விட்டம், ஒரு ஸ்டார்ட், வெட்டு வேகம் நிமிடத்துக்கு 50 மீட்டர். இதற்கு ஹாப் சுமார் 200 ஆர்.பி.எம். ஓடும். 40 பல் என்பதால் பிளாங்க் 5 ஆர்.பி.எம். பிளாங்கின் ஒரு சுற்றுக்கு ஃபீட் 2 மி.மீ., அதாவது ஹாப் நிமிடத்துக்கு 10 மி.மீ. இறங்கும். இறங்க வேண்டிய தூரம் வெறும் 25 மி.மீ. இல்லை. வட்டமான ஹாப் முழு ஆழத்தை எட்டுவதற்கு முன் ஒரு அப்ரோச் தூரம் உண்டு:

```
அப்ரோச் = √( h × (D − h) )
        = √( 5.625 × (80 − 5.625) ) ≈ 20.5 மி.மீ.
```

h என்பது பல்லின் முழு ஆழம், D ஹாபின் விட்டம். வெளியே போக 2.5 மி.மீ. சேர்த்தால் மொத்தம் 48 மி.மீ. ஆக 4.8 நிமிடம், ஒரே பாஸ்.

ஷேப்பரில் அதே கியர். மேலும் கீழும் சற்று விலகல் சேர்த்து ஸ்ட்ரோக் 30 மி.மீ., சராசரி வேகம் 20 மீட்டர், ஆக நிமிடத்துக்கு 333 ஸ்ட்ரோக். ஒரு ஸ்ட்ரோக்குக்கு 0.3 மி.மீ. சுற்று ஃபீட் கொடுத்தால், பிட்ச் சுற்றளவு 314 மி.மீ.யை முடிக்க 1,047 ஸ்ட்ரோக், அதாவது 3.1 நிமிடம். ரஃப் ஒரு சுற்று, ஃபினிஷ் ஒரு சுற்று என்றால் 6.3 நிமிடம். கட்டர் ஆழத்துக்கு நுழையும் நேரம் தனி.

வித்தியாசம் ரொம்ப இல்லையே! இதுக்கா இவ்வளவு பேச்சு?

சரியான கேள்வி. தனி ஒரு கியரை வைத்து ஒப்பிட்டால் ஹாப்பிங்கின் பலம் பாதிதான் தெரியும், ஏனென்றால் 48 மி.மீ.யில் 23 மி.மீ. அப்ரோச்சும் வெளியேற்றமும் தின்றுவிட்டன. நான்கு பிளாங்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக, அவற்றின் துளைக்குள் போகும் தண்டான மாண்ட்ரலில் அடுக்குங்கள். தூரம் 100 + 23 = 123 மி.மீ., நேரம் 12.3 நிமிடம், கியர் ஒன்றுக்குச் சுமார் 3.1 நிமிடம். அப்ரோச்சை நான்கு பேர் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

ஷேப்பரிலும் அடுக்கலாம், ஆனால் லாபம் குறைவு. ஸ்ட்ரோக் 105 மி.மீ. ஆனதும் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 95 ஸ்ட்ரோக்தான் வரும். இரண்டு சுற்றுக்கு 22 நிமிடம், கியர் ஒன்றுக்கு 5.5. அதோடு கோட்டிங் போட்ட ஹாப் கிடைத்தால் 50 மீட்டரை 80, 100 என்று ஏற்றலாம். நான் முதலில் எடுத்துக்கொண்டது பழைய மிஷினின் வேகம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அகலம் 10 மி.மீ. மட்டும் என்றால் ஹாப்புக்கு 33 மி.மீ., 3.3 நிமிடம். ஷேப்பருக்கு ஸ்ட்ரோக் 15 மி.மீ., நிமிடத்துக்கு 667 ஸ்ட்ரோக், இரண்டு சுற்று 3.1 நிமிடம். அடுக்க முடியாத மெல்லிய கியரில் ஷேப்பர் சமமாக வந்து நிற்கும். ஹாப்பிங் எப்போதும் வேகம் என்று கண்ணை மூடிக்கொண்டு கொட்டேஷன் போடாதீர்கள்.

ரெண்டு ஸ்டார்ட் ஹாப் போட்டா டைம் பாதியாயிடுமா?

காகிதத்தில் ஆகும். பிளாங்க் 10 ஆர்.பி.எம். சுற்றும், 4.8 நிமிடம் 2.4 ஆகும். ஆனால் ஒவ்வொரு முனையும் எடுக்கும் சிப் தடிக்கும், அதனால் ஃபீடை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டிவரும். நடைமுறையில் மூன்றரை நிமிடத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

பல்லின் வடிவமும் மாறும். இரண்டாம் கேள்வியில் சொன்ன நேர்ப்பட்டைகளின் எண்ணிக்கை பாதியாகிவிடும். 10 பள்ளம் உள்ள ஒரு ஸ்டார்ட் ஹாபில், நம் கியரில் பட்டைக்கும் உண்மையான வளைவுக்கும் உள்ள இடைவெளி அரை மைக்ரான். இரண்டு ஸ்டார்ட்டில் அது நான்கு மடங்காகி 2 மைக்ரான். பல்லை மறுபடி நேர்த்தியாக்கும் ஷேவிங்கோ கிரைண்டிங்கோ பின்னால் இருந்தால் கவலையில்லை.

உண்மையான தொந்தரவு வேறு. 40 இரட்டைப்படை எண், ஆகவே ஒரு ஸ்டார்ட் 1, 3, 5 என்ற பற்களை மட்டும், மற்றது 2, 4, 6 என்ற பற்களை மட்டும் வெட்டும். இரண்டு ஸ்டார்ட்டுக்கும் இடையில் சிறு பிழை இருந்தாலும் கியரில் ஒன்றுவிட்டு ஒரு பல் தள்ளி நிற்கும். 41 பல்லாக இருந்தால் இரண்டு ஸ்டார்ட்டும் எல்லாப் பல்லிலும் மாறி மாறி வரும். இரண்டு ஸ்டார்ட்டுக்கு ஒற்றைப்படைப் பல் என்பதை மறக்க வேண்டாம்.

அப்ப ஃபீடை ஏத்திட்டா போச்சு, இல்லையா?

ஓரளவுக்கு. ஹாப் பல்லின் நீளவாக்கில் அலை அலையாகத் தடம் விடும். நகத்தால் வருடினாலே தெரியும். அந்தத் தடத்தின் ஆழம் ஃபீடின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 2 மி.மீ. ஃபீடில் நம் கியரில் சுமார் 4 மைக்ரான், 4 மி.மீ. ஃபீடில் 17. ஹாப்பிங்கோடு முடிகிற கியர் என்றால் 2-க்கு மேல் போக எனக்கு மனசு வராது. ஷேவிங்குக்குப் போவதென்றால் 3, 3.5 தாராளமாக ஓட்டலாம்.

எந்த வேலைக்கு ஹாப் ஆகவே ஆகாது?

உள்பல் கியருக்கு ஆகாது, சாதாரண ஹாப் உள்ளே நுழையாது. அப்புறம் கிளஸ்டர் கியர். சிறிய கியருக்குப் பக்கத்திலேயே பெரிய கியர் நின்றால், மேலே கணக்கிட்ட அந்த 20 மி.மீ. இங்கே எதிரியாகும். ஹாப் முழு ஆழத்தில் முடித்து நிற்க, தோள் அதற்கு அப்பால் தள்ளியிருக்க வேண்டும். ஷேப்பருக்குச் சில மி.மீ. பள்ளம் போதும்.

ஹெலிக்கலில் நிலைமை தலைகீழ். பழைய ஷேப்பரில் ஒவ்வொரு லீடுக்கும் தனி ஹெலிக்கல் கைடு வேண்டும், கட்டரும் அந்த ஹெலிக்ஸுக்கே வேண்டும். ஹாப்பிங்கில் சாய்வையும் டிஃபரன்ஷியலையும் மாற்றினால் அதே ஹாப்.

12 பல்லு வெட்டினா அடிப்பக்கம் குடைஞ்சு போகுது. ஹாப் கோளாறா?

இல்லை, அது ரேக்கின் குணம். 20 டிகிரியில் 17 பல்லுக்குக் கீழே போனால் ரேக்கின் நுனி பல்லின் காலைக் குடையும். சார்ட் பேப்பர் சோதனையை 100 மி.மீ. பிட்ச் வட்டத்தில், 10 பல்லாக, 6 டிகிரிக்கு அதே 5.24 மி.மீ. என்று செய்து பாருங்கள், குடைவது கண்ணுக்குத் தெரியும். பிளாங்கின் விட்டத்தைப் பெரிதாக்கி, ஹாபைச் சற்று வெளியே நிறுத்தி வெட்டுவதுதான் மருந்து. ஜோடி கியரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்பதால் டிராயிங் கொடுத்தவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

மைக்ரோமீட்டர்ல எல்லா இடத்துலயும் ஒரே அளவு காட்டுது. ஆனா கியர் ஓடும்போது சத்தம் வருது. ஏன்?

சத்தம் ஒரே சீராக இல்லாமல், சுற்றுக்கு ஒரு முறை ஏறி இறங்கினால் முதலில் மாண்ட்ரலைச் சந்தேகப்படுங்கள். எங்களிடம் ஒருமுறை நாற்பது கியர் கொண்ட ஒரு லாட் இப்படித் திரும்பி வந்தது. ஐந்து பல் மேல் ஸ்பான் அளவு, கியரைச் சுற்றி எங்கே வைத்தாலும் நூல் பிடித்தாற்போல ஒன்று. பல் வடிவத்திலும் குறை இல்லை. துளைக்குள் மாண்ட்ரல் 0.08 மி.மீ. தொளதொளவென்று இருந்தது, நட்டை இறுக்கியபோது பிளாங்க் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றிருக்கிறது.

யோசித்தால் புரியும். ஹாப் பல் வெட்டியது டேபிளின் மையத்தைச் சுற்றி, அந்த மையத்தைப் பொறுத்தவரை கியரில் பிழையே இல்லை. ஸ்பான் மைக்ரோமீட்டர் பல்லையும் பல்லையும் மட்டுமே பார்க்கிறது, துளை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வாடிக்கையாளர் கியரை ஓட்டுவதோ துளையை வைத்து. துளையில் நல்ல மாண்ட்ரல் மாட்டி, பல்லிடுக்கில் பந்தை வைத்து டயலில் ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தபோது முள் 0.08 வரை மெதுவாக ஏறி, அரைச் சுற்றில் உச்சம் தொட்டு, மெதுவாக இறங்கியது. அதிலிருந்து முதல் கியரை ஸ்பானோடு பந்து வைத்தும் பார்க்காமல் மீதியை வெட்ட விடுவதில்லை. பிளாங்கை மாட்டியதும் வெளிவிட்டத்தில் டயல் வைப்பதும் நல்லதுதான். ஆனால் அந்த வெளிவிட்டத்தைத் துளைக்கு மையமாகக் கடைந்திருந்தால் மட்டும்.